ஐந்து நாள், அறுநூறு ரூபாய்

"வீட்டுச் சாப்பாடு கிடைக்கும். சுத்தம், சுவை, தரம். ஆர்டருக்கு அழைக்கவும்." சென்னையின் ஐ.டி. சாலையை ஒட்டிய குடியிருப்புகளில் வார இறுதி வந்துவிட்டால் வாட்ஸ்அப் குழுக்களில் இப்படிப்பட்ட பதிவுகள் நிறைய வரும். கூடவே வாழை இலையில் பதினான்கு வகை பரிமாறிய படம் ஒன்று இருக்கும். பதிவு போட்ட பத்து நிமிடத்தில் கேள்விகள் வரத் தொடங்கும். வாரத்துக்கு எவ்வளவு? சனிக்கிழமை உண்டா? சோழிங்கநல்லூர் வரை கொண்டுவந்து தருவீங்களா அக்கா? வெங்காயம் போடாமல் கிடைக்குமா? ஒருநாள் லீவு போட்டால் காசைக் கழித்துக்கொள்ளலாமா?

முப்பது பேர் கேட்பார்கள், முப்பது பேருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத வேண்டும். அவசரத்தில் ஒருவருக்குச் சொன்ன விலை இன்னொருவருக்குச் சொன்னதோடு ஒத்துப்போகாது. புதன்கிழமைக்குள் ஒரு மனஸ்தாபம் வந்திருக்கும். சமைப்பவரின் கைப்பக்குவத்தில் குறை இராது. அந்த மூன்று வரிப் பதிவு, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டிருக்கும்.

வாரச் சாப்பாட்டுத் திட்டத்தை விற்கும் பதிவு விளம்பரமாகத் தெரிந்தாலும், அது ஓர் ஒப்பந்தம். அதில் எழுதும் ஒவ்வொரு வரியும் மறுநாள் விடிகாலை நாலரை மணிக்கு அடுப்படியில் என்ன நடக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. மேடவாக்கத்தில் ஒரு வீடு, சோழிங்கநல்லூர் பக்கம் வேலை பார்க்கும் இருபது வாடிக்கையாளர்கள், மதியச் சாப்பாடு மட்டும், சைவம் மட்டும் என்று ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். அந்தச் சமையலறையின் பதிவு இப்படி இருக்கலாம்:

"மதியச் சாப்பாடு, சைவம். திங்கள் முதல் வெள்ளி வரை 5 நாள் ரூ.600. செவ்வாய், புதன், வியாழன் மட்டும் என்றால் ரூ.390. ருசி பார்க்க ஒருநாள் சாப்பாடு ரூ.140.
ஒரு சாப்பாடு: சாதம் 350 கிராம், குழம்பு 150 மி.லி., பொரியல் அல்லது கூட்டு 80 கிராம், தயிர்.
திங்கள்: முருங்கைக்காய் சாம்பார், பீன்ஸ் பொரியல். செவ்வாய்: வத்தக்குழம்பு, முட்டைக்கோஸ் கூட்டு. புதன்: எலுமிச்சை சாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல். வியாழன்: மிளகுக்குழம்பு, அரைக்கீரை மசியல். வெள்ளி: பிசிபேளாபாத், வெள்ளரிப் பச்சடி, அப்பளம்.
காய் விலையைப் பொறுத்துப் பொரியல் மாறலாம். முதல்நாளே சொல்லிவிடுவோம்.
12.30 மணிக்குள் அலுவலக கேட்டில் கிடைக்கும். 1.30க்குள் சாப்பிட்டுவிடவும்.
பதிவு செய்ய: ஞாயிறு மதியம் 2 மணிக்குள். பணம் முன்கூட்டியே.
லீவு என்றால் முதல்நாள் மாலை 6 மணிக்குள் சொல்லவும். அந்தச் சாப்பாடு அடுத்த வாரத்துக்குத் தள்ளப்படும், மாதம் இரண்டு முறை. பணமாகத் திருப்பித் தர இயலாது.
ஸ்டீல் கேரியருக்கு முன்பணம் ரூ.300, திரும்பப் பெறலாம்.
உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்: …"

படிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் இதில் யோசிக்காமல் எழுதிய வரி எதுவும் இல்லை.

முதலில் விலை. வீட்டிலிருந்து சமைத்து விற்கத் தொடங்குபவர்களில் பலர், மளிகைக்கும் காய்க்கும் ஆகும் செலவைப் போட்டு, அதை இரண்டால் பெருக்கி விலை வைக்கிறார்கள். அது எங்கே இடிக்கிறது என்று பார்க்கலாம். இங்கே வரும் விலைகள் கணக்குக் காட்டுவதற்காக வைத்துக்கொண்டவை. இன்றைய கடை விலையை அதில் போட்டு யாரும் தங்கள் கணக்கைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு ஆளுக்கு 125 கிராம் அரிசி போட்டால் ஏறக்குறைய 350 கிராம் சாதம் வரும். இருபது பேருக்கு இரண்டரை கிலோ அரிசி, 150 ரூபாய். துவரம்பருப்பு 600 கிராம், 90 ரூபாய். சாம்பாருக்கும் பொரியலுக்கும் சேர்த்து மூன்று கிலோவுக்குச் சற்று மேல் காய்கறி, 160 ரூபாய். தயிர் உறை ஊற்ற இரண்டு லிட்டர் பால், 100 ரூபாய். எண்ணெய் 50 ரூபாய். புளி, தக்காளி, வெங்காயம், தேங்காய், மசாலா, தாளிப்பு எல்லாம் சேர்த்து 150 ரூபாய். மொத்தம் 700. சாப்பாட்டுக்கு 35 ரூபாய்தான். இதைப் பார்த்துவிட்டுத்தான் "எழுபது வாங்கினால் போதும், பாதி லாபம்" என்று மனம் சொல்லும்.

அதற்கு மேல் வருபவற்றைச் சேர்க்க வேண்டும். வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டரை வியாபாரத்துக்குப் பயன்படுத்த விதிகள் அனுமதிப்பதில்லை. 19 கிலோ வணிக சிலிண்டர் வாங்க வேண்டும், அதன் விலையும் கூடுதல். இந்த அளவு சமையலுக்கு நாளுக்கு 100 ரூபாய் என்று வைத்தால், சாப்பாட்டுக்கு 5 ரூபாய். காய் நறுக்கவும் பாத்திரம் தேய்க்கவும் வரும் உதவியாளருக்கு நாளுக்கு 300, அதாவது சாப்பாட்டுக்கு 15. வண்டியில் கொண்டுபோய்க் கொடுப்பவருக்கு டப்பாவுக்கு 25. கேரியர் தேய்மானம், சோப்பு, பெயர்ச்சீட்டு வகையறாவுக்கு 3. எல்லாம் கூட்டினால் 83 ரூபாய் ஆகிவிட்டது. எழுபதுக்கு விற்பவர் ஒவ்வொரு சாப்பாட்டிலும் பதின்மூன்று ரூபாயைத் தன் கையிலிருந்து போடுகிறார். உதவியாளரின் வேலையையும் கேரியர் கழுவுவதையும் தானே செய்துகொள்வதால் அது கணக்கில் தெரியாமல் போகிறது.

தொண்ணூறு ரூபாய் வைத்தால் நாளுக்கு 140 மிஞ்சும். முதல்நாள் மாலை காய் வாங்குவது தொடங்கி மறுநாள் பத்தரை மணிக்கு வண்டி ஏற்றும் வரை எட்டு மணி நேர உழைப்பு இருக்கிறது. அதற்கு 140 ரூபாய் கூலி என்றால் யாரும் ஒப்ப மாட்டார்கள், ஆனால் பல வீடுகளில் பெண்கள் அதைத்தான் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். 120 வைத்தால் நாளுக்கு 740 நிற்கிறது. பதிவில் உள்ள 600 ரூபாய் இப்படி வந்ததுதான். தன் உழைப்புக்கான கூலி கணக்கில் கடைசியாக மிஞ்சுவதாக இருக்கக் கூடாது. அதையும் ஒரு செலவாக எழுதி வைத்த பிறகுதான் விலையை எழுத வேண்டும்.

மூன்று நாள் திட்டம் ஏன் 360 ஆக இல்லாமல் 390 ஆக இருக்கிறது? கொரோனாவுக்குப் பிறகு பல ஐ.டி. நிறுவனங்கள் வாரத்தில் சில நாள் அலுவலகம், சில நாள் வீடு என்று மாறிவிட்டன. அப்படிப்பட்ட இடங்களில் வார நடுவில் கூட்டம் சேரும், வெள்ளியன்று மேசைகள் காலியாக இருக்கும். வெள்ளிக்கிழமை இருபது சாப்பாடு பன்னிரண்டாகக் குறைந்தால் மளிகையும் வண்டிக்கூலியும் கூடவே குறையும். ஆனால் உதவியாளருக்கு அதே 300, எரிவாயுவும் ஏறக்குறைய அதே அளவு. இருபது பேரிடம் பிரிந்த அந்த 400 ரூபாய் இப்போது பன்னிரண்டு பேர் தலையில் விழுகிறது. சாப்பாட்டுக்கு 20 ரூபாயாக இருந்தது 33 ஆகிவிடும். நடு நாட்களை மட்டும் எடுத்துக்கொள்பவர் நாளுக்குப் பத்து ரூபாய் கூடுதலாகக் கொடுப்பது அந்த இடைவெளியை ஓரளவு அடைக்கிறது. ஐந்து நாளும் எடுப்பவருக்கு அதுவே ஒரு சலுகையாகத் தெரிகிறது.

அடுத்தது லீவு. வாரத் திட்டங்களில் அதிகம் சண்டை வரும் இடம் இதுதான். காலை ஒன்பது மணிக்கு, "அக்கா, இன்னிக்கு வீட்டிலிருந்தே வேலை, சாப்பாடு வேண்டாம்" என்று ஒரு செய்தி வருகிறது. அந்நேரம் சாதம் வடித்து, குழம்பு கொதித்து இறங்கியிருக்கும். மிச்சமாவது வண்டிக்கூலி 25 மட்டும். அதையே முதல்நாள் மாலை ஆறு மணிக்குச் சொல்லியிருந்தால் காய் வாங்கும்முன் ஓர் ஆளைக் கழித்திருக்கலாம். மளிகை 35, வண்டி 25 என்று 60 ரூபாய் மிச்சம். அப்போதும் 120 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தால் 60 ரூபாய் நஷ்டம். அதனால்தான் பதிவில் பணத்தைத் திருப்புவதற்குப் பதில் சாப்பாட்டை அடுத்த வாரத்துக்குத் தள்ளுகிறார்கள். வாடிக்கையாளருக்குக் காசு போகவில்லை, சமையலறைக்கும் வரவு தள்ளிப்போகிறதே தவிர இல்லாமல் போவதில்லை. மாதம் இரண்டு முறை என்ற வரம்பு இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமைகள் வரிசையாகத் தள்ளிக்கொண்டே போகும்.

ஞாயிறு மதியம் இரண்டு மணி என்ற கெடுவும் இதே காரணத்தால் வந்தது. மாலை சந்தைக்குப் போவதற்குள் எத்தனை தலை என்று தெரிந்திருக்க வேண்டும். "எப்போது வேண்டுமானாலும் சேரலாம்" என்று எழுதினால் கேட்பவருக்கு வசதிதான். ஆனால் சமைப்பவர் தினமும் இரண்டு மூன்று சாப்பாடு உத்தேசமாகக் கூட வைக்க வேண்டிவரும், அதற்கான அரிசியும் பருப்பும் அவர் கணக்கில்தான் சேரும்.

இனி மெனு. வீட்டில் பரிமாறும் சாப்பாடு அடுப்பிலிருந்து இறங்கி அரை மணியில் இலைக்கு வந்துவிடும். இந்தச் சாப்பாடு பத்தரைக்குக் கட்டப்பட்டு, மூடிய டப்பாவில் வெயிலில் பயணம் செய்து, ஒரு மணிக்குத் திறக்கப்படுகிறது. வீட்டில் அருமையாக இருக்கும் எல்லாமே இதைத் தாங்காது. சித்திரை வெயிலில் பச்சைத் தேங்காய் அரைத்துக் கடைசியில் சேர்த்த கூட்டு மதியத்துக்குள் ஊசிப்போகும். மூடியைத் திறந்ததும் ஒரு புளிப்பு வாடை, கரண்டியில் எடுத்தால் நூல்போல இழுத்தல், ஓரத்தில் நுரை என்று அது காட்டிக்கொடுத்துவிடும். அதனால் கோடையில் செவ்வாய்க்கிழமைக் கூட்டைத் தேங்காய் இல்லாத பொரியலாக மாற்றிவிடுவது நல்லது. வத்தக்குழம்பும் மிளகுக்குழம்பும் பட்டியலில் இருப்பதற்குக் காரணம் ருசி மட்டுமல்ல. புளியும் நன்றாகக் காய்ந்த எண்ணெயும் அவற்றை மதியம் தாண்டியும் கெடாமல் வைத்திருக்கும். கீரை வாங்கிய அன்றே சமைக்க வேண்டியது. அதிகாலையில் கீரைக்காரர் தெருவுக்கு வரும் இடமானால் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் பதிவில் எழுதாமல் இருப்பதே மேல்.

தயிர்சாதத்துக்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. தயிரையே ஊற்றிப் பிசைந்தால் ஒரு மணிக்குள் பல் கூசும் அளவுக்குப் புளித்துவிடும். குழைய வடித்த சாதத்தை மசித்து, காய்ச்சிய பாலை அதிகமாகவும் தயிரைக் கொஞ்சமாகவும் சேர்த்தால் டப்பாவுக்குள்ளேயே மெதுவாகத் தோய்ந்து சாப்பிடும் நேரத்துக்குப் பதமாக இருக்கும். இந்தப் பட்டியலில் ரசம் இல்லாததைச் சிலர் கவனித்திருப்பார்கள். எவ்வளவு இறுக்கி மூடினாலும் வேகத்தடையில் கசிந்து பக்கத்து டப்பாவையும் நனைத்துவிடும் என்பதுதான் காரணம். புதன்கிழமை கலந்த சாதமாக வைத்தது சமைப்பவருக்காக. வார நடுவில் ஒருநாள் குழம்பு வைக்கும் வேலை இல்லாவிட்டால் வியாழனைச் சமாளிக்கத் தெம்பு மிஞ்சும்.

"1.30க்குள் சாப்பிட்டுவிடவும்" என்ற வரியைப் பலர் எழுதுவதில்லை. எழுதியே ஆக வேண்டிய வரி அது. அரிசியில் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துக்கள் இருக்கக்கூடும். சாதம் கொதிக்கும் சூட்டில் அவை சாவதில்லை. சூடான உணவு 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கி, வெதுவெதுப்பாக நீண்ட நேரம் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி, வாந்தி வரவைக்கும் நச்சை உண்டாக்கலாம். அந்த நச்சு சூட்டுக்கு அசையாதது. நாலு மணிக்கு அலுவலக மைக்ரோவேவில் சூடாக்கிச் சாப்பிட்டாலும் பயனில்லை. வாடையிலோ ருசியிலோ வித்தியாசம் தெரியாமலும் போகலாம். சமைத்த நேரத்துக்கும் சாப்பிடும் நேரத்துக்கும் இடையே நாலு மணி நேரத்துக்கு மேல் போகாதபடி சமையலைத் திட்டமிட வேண்டியிருக்கிறது. ஒன்பதரைக்கு வடித்த சாதம் என்றால் 1.30 சரியாக வரும். அதிகாலை ஐந்துக்கே வடித்து வைத்துவிட்டு அந்த வரியை எழுதுவதில் பொருளில்லை.

உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் பலருக்கும் ஒரு பெரிய சடங்காகத் தோன்றுகிறது. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீட்டிலிருந்து விற்கும் சிறு உணவுத் தொழிலுக்கும் பதிவு தேவை. ஃபோஸ்காஸ் இணையதளத்தில் விண்ணப்பித்தால் 14 இலக்க எண் ஒன்று கிடைக்கும். அதன் முதல் இலக்கம் 2 என்றால் அது சிறு தொழிலுக்கான பதிவு, 1 என்றால் பெரிய உரிமம். அடுத்த இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 24. ஆக, மேடவாக்கத்து வீட்டின் எண் 224 என்று தொடங்கும். சாப்பாடு வாங்குபவரும் அதே தளத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்து அது நடப்பில் உள்ளதா என்று தெரிந்துகொள்ளலாம். 2022 ஜனவரி முதல் ரசீதிலும் இந்த எண் இருக்க வேண்டும்.

கேரியர் விஷயத்தில் தமிழ்நாட்டுக்கென்று ஒரு காரணம் இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்கு இங்கே தடை. உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளும் கைப்பிடிப் பையும் அதில் அடங்கும். மூன்றடுக்கு ஸ்டீல் கேரியரும் தயிருக்கு ஒரு சின்ன டப்பாவும் என்றால் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் ஆளுக்கு இரண்டு செட் வேண்டும். இன்றைக்குப் போன கேரியர் நாளைக்கு வண்டி போகும்போதுதான் திரும்பி வரும். இருபது பேருக்கு நாற்பது கேரியர் என்பது தொடங்கும்போதே போட வேண்டிய முதல். முன்பணம் 300 ரூபாய் அதில் ஒரு பகுதியை மீட்டுத் தருவதோடு, அலுவலக மேசைக்கடியில் கேரியர்கள் தங்கிப்போவதையும் தடுக்கும்.

"அலுவலக கேட்டில்" என்று எழுதியதையும் விட்டுவிட முடியாது. பெரிய வளாகங்கள் பலவற்றில் வெளியாள் மாடிக்குப் போக முடியாது, காவலர் மேசையிலோ அதற்கென வைத்த அலமாரியிலோதான் வைக்க வேண்டும். கேட்டிலிருந்து ஒவ்வொருவரையும் அழைத்து ஐந்து நிமிடம் காத்திருந்தால் கடைசி டப்பா ஒன்றரைக்கு மேல்தான் போகும். கேரியரின் கைப்பிடியில் பெயரும் கட்டடமும் எழுதிய அட்டை தொங்கினால் போதும்.

எந்த வரியை எங்கே போடுவது என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பொருட்பட்டியல் என்ற வசதி 2019 முதல் இருக்கிறது. படம், பெயர், விலை, விவரம் ஆகியவற்றை அதில் ஏற்றி வைத்தால் அப்படியே நிற்கும். மாறாதவற்றை அங்கே வைக்க வேண்டும்: ஐந்து நாள் திட்டம், மூன்று நாள் திட்டம், ஒருநாள் சாப்பாடு, அளவுகள், லீவு விதி. ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனிப் பதிவு போட்டால் வாடிக்கையாளர் ஒன்றைத் தொட்டு அனுப்பினாலே எது வேண்டும் என்று தெரிந்துவிடும். வாரா வாரம் மாறும் மெனுவை ஸ்டேட்டஸிலும், பலருக்கு ஒரேநேரத்தில் போகும் பிராட்காஸ்ட் பட்டியலிலும் அனுப்பலாம். இரண்டிலும் ஒரு தடை உண்டு. ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். பிராட்காஸ்ட் செய்தி, நம் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே போய்ச்சேரும். "மெனுவே வரலையே அக்கா" என்று புதியவர் கேட்டால் பெரும்பாலும் காரணம் இதுதான். பணம் வாங்கும்போதே எண்ணைச் சேமிக்கச் சொல்லிவிட வேண்டும்.

படத்துக்கு வாழை இலை வேண்டாம். ஜன்னலோர வெளிச்சத்தில், அனுப்பப்போகும் அதே கேரியரை அடுக்கு பிரித்து வைத்து எடுத்த படமே நேர்மையானது. பதினான்கு வகை படத்தைப் பார்த்துச் சேர்ந்தவர் மூன்றடுக்கு கேரியரைத் திறக்கும்போது, சாப்பாடு எவ்வளவு ருசியாக இருந்தாலும் ஏமாந்ததாகவே நினைப்பார்.

வெங்காயம், பூண்டு பற்றிய கேள்விக்கு ஆம், இல்லை என்று திட்டமாகப் பதில் வேண்டும். கார்த்திகை பிறந்து ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் கேட்கத் தொடங்குவார்கள். ஐந்து பேருக்குத் தனிக்குழம்பு என்றால் அது இன்னொரு அடுப்பு, இன்னொரு கரண்டி, இன்னொரு அரை மணி நேரம். அப்படிச் செய்ய முடியாத வீடு, அந்த இரண்டு மாதமும் வாரத்தில் குறிப்பிட்ட இரண்டு நாள் எல்லோருக்குமே வெங்காயம், பூண்டு இல்லாமல் சமைத்து அதைப் பதிவில் எழுதிவிடலாம். வேர்க்கடலை, முந்திரி, எள் சேரும் நாட்களைக் குறிப்பதும் அவசியம். ஒவ்வாமை உள்ளவருக்கு எலுமிச்சை சாதத்தில் கிடக்கும் ஒரு பிடி கடலை உயிராபத்து.

கடைசியாக, "காய் விலையைப் பொறுத்துப் பொரியல் மாறலாம்" என்ற வரி. 2023 ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, அரசே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டிவந்தது. நாளுக்கு ஒரு கிலோ தக்காளி வாங்கும் சமையலறைக்கு, முப்பது ரூபாய் தக்காளி நூற்றிருபது ஆனால் நாளுக்கு 90 ரூபாய் கூடுதல், நாம் போட்ட கணக்கில் சாப்பாட்டுக்கு நாலரை ரூபாய். அந்த வரி பதிவில் இருந்தால் தக்காளி கேட்கும் குழம்பைப் புளிக்குழம்பாகவோ மோர்க்குழம்பாகவோ மாற்றி, முதல்நாள் மாலையே ஒரு செய்தி அனுப்பிவிடலாம். இல்லையென்றால் நஷ்டத்தைத் தாங்க வேண்டும், அல்லது வாரத்தின் நடுவில் விலையைக் கூட்ட வேண்டும். முன்பணம் கொடுத்தவரிடம் நடுவில் விலை கூட்டுவது முறையல்ல. அரிசி, பருப்பு, எரிவாயு என்று நிலையாக ஏறிவிட்ட செலவுக்கு மட்டும், இரண்டு வாரம் முன்னதாகச் சொல்லி, புதிய வாரத்திலிருந்து பட்டியலில் உள்ள விலையை மாற்ற வேண்டும். பழைய விலையில் பணம் கட்டியவர்களுக்கு மீதமிருக்கும் சாப்பாடுகளைப் பழைய விலையிலேயே கொடுத்து முடிக்க வேண்டும்.